"என்ர லப்டொப்புக்குச் சரிவருமோ?": பதில் எழுதுகையில் விடும் பிழைகள்

பழைய டெல் லப்டொப் சார்ஜர் ஒன்றை விற்கப் போட்டால், விளம்பரத்தின் கீழே பெரும்பாலும் வருவது இந்தக் கேள்விதான்: "அண்ணை, என்ர இன்ஸ்பிரோனுக்குச் சரிவருமோ? ஒறிஜினலோ?" யாழ்ப்பாணத்தில் விற்கிற பலர் "ஓம் தம்பி, சரிவரும், ஒறிஜினல்தான்" என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள்.

இன்ஸ்பிரோன் ஒரு தனி மொடல் அல்ல, ஒரு வரிசை. சிலதுக்கு லப்டொப்பில் செருகும் பின் 7.4 மில்லிமீற்றர், தடித்தது; பிந்தி வந்த பலதுக்கு 4.5 மில்லிமீற்றர், மெல்லியது. சிலதுக்கு 45 வாற் போதும், சிலதுக்கு 65 வேண்டும். அவருடைய லப்டொப்பை நீங்கள் காணவில்லை. உங்கள் கையில் இருப்பது சார்ஜர் மட்டும். அதில் உள்ளதை எழுதுங்கோ. லேபிளில் 'Input' வரியில் உள்ள 100–240 சுவர் மின்சாரத்துக்கானது, அதைப் படம் பிடித்துப் போட்டுப் பயனில்லை. 'Output' வரிதான் தேவை. உங்கள் சார்ஜரின் வோல்ற், அவருடைய லப்டொப் கேட்கும் அதே வோல்ற்றாக இருக்க வேண்டும். அம்பியர் அது கேட்பதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது.

"பின் போகுது, அப்ப சரி" என்பது இதைவிட மோசமான பதில். எச்பியின் நீல நுனிப் பின்னும் 4.5 மில்லிமீற்றர், அதுவும் 19.5 வோல்ற்தான். ஆனால் டெல் லப்டொப், பின்னின் நடுவில் உள்ள ஊசி வழியாகச் சார்ஜரின் அடையாளத்தை வாசிக்கிறது. வாசிக்க முடியாவிட்டால் திரையில் எச்சரிக்கை வரும். லப்டொப் ஓடும், பற்றரி ஏறாது. கிளிநொச்சியில் இருந்து பஸ் ஏறி வந்து வாங்கினவருக்கு இது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியவரும்.

ஒறிஜினல் விஷயத்தில் லேபிளைச் சாட்சிக்கு இழுக்காதீங்கோ. கொப்பியிலும் டெல் முத்திரை இருக்கும். சார்ஜர் உங்களிடம் எப்படி வந்தது என்பதைச் சொல்லலாம், அவ்வளவுதான். 'ஏ கிரேட்' என்ற சொல்லை நான் நம்புவதேயில்லை. கொப்பி என்று சொல்ல விரும்பாதவர்கள் பிடித்துக்கொள்ளும் சொல் அது.

இப்படி எழுதினால் போதும்:

"தம்பி, இது 19.5 வோல்ற், 3.34 அம்பியர், 65 வாற். பின் 4.5 மில்லிமீற்றர், நடுவில ஊசி இருக்கு. லேபிள் படம் போட்டிருக்கிறன். உங்கட பழைய சார்ஜரில இதே வோல்ற்றும், 3.34 அல்லது அதுக்குக் குறைஞ்ச அம்பியரும் இருக்கோ எண்டு பாருங்கோ, பின்னையும் ஒத்துப் பாருங்கோ. கடையில தனியா வாங்கினது, பெட்டி இல்லை. ஒறிஜினல் எண்டு உறுதி தரேலாது. லப்டொப்பைக் கொண்டு வாங்கோ, பற்றரி ஏறுதோ எண்டு பாத்திட்டுக் காசு தாங்கோ."

"இன்பொக்ஸ் வாங்கோ" என்று இந்தக் கேள்வியை ஒளிக்க வேண்டாம். அடுத்தவரும் இதையே கேட்பார். தொலைபேசி இலக்கமும் வீட்டு விலாசமும் மட்டும் அங்கே போகட்டும். எழுதினது பிழை என்று பிறகு தெரிந்தால், அழிக்காமல் அதன் கீழேயே திருத்தத்தைப் போடுங்கோ. முதல் பதிலை நம்பி ஒருவர் ஏற்கனவே புறப்பட்டிருக்கக்கூடும்.