கட்டுநாயக்கவில் பெட்டி வரவில்லையா? உள்ளே இருந்ததைப் பட்டியல் போடுவது இப்படித்தான்

தம்பியின் கலியாணத்துக்கு லண்டனிலிருந்து வந்த என் மச்சாளின் பெட்டி கட்டுநாயக்கவில் இறங்கவே இல்லை. வெள்ளவத்தை வீட்டுக்கு வந்ததும் விமான நிறுவனத்தின் படிவத்தில் "உடுப்புகள், பரிசுப் பொருட்கள் – 1,200 பவுண்ட்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டாள். நாலு நாளில் பதில் வந்தது: பொருள் வாரியாக, விலையும் சான்றும் சேர்த்து அனுப்புங்கள். "மச்சான், பில்லெல்லாம் எறிஞ்சிட்டன், இனி என்ன செய்யிறது?" என்றாள். அன்று இரவு இருவரும் மேசையில் உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே பொதிகள் முறைப்பாட்டு மேசையில் ஒரு அறிக்கை எழுதித் தருவார்கள். பி.ஐ.ஆர். என்பார்கள். அதன் எண் CMBXX12345 போல இருக்கும்: CMB கொழும்பு, அடுத்த இரண்டு எழுத்து விமான நிறுவனத்தின் குறி, பிறகு ஐந்து இலக்கம். இந்த எண்ணும், பெட்டியில் ஒட்டிய டேக்கின் துண்டும், போர்டிங் பாஸும் இல்லாமல் எதுவும் நகராது. ஆனால் பி.ஐ.ஆர். என்பது பெட்டி வரவில்லை என்ற தகவல் மட்டுமே. இழப்பீட்டுக் கோரிக்கையை நீங்கள் தனியாக எழுத வேண்டும். இரண்டு விமானம் மாறி வந்திருந்தாலும், கடைசியாக உங்களைக் கட்டுநாயக்கவுக்குக் கொண்டுவந்த நிறுவனத்திடமே முதலில் கேளுங்கள்.

அடுத்து, இரண்டு பட்டியல் வேண்டும். பெட்டி தாமதமாகும் நாட்களில் நீங்கள் கட்டாயம் வாங்கும் மாற்றுடுப்பு, உள்ளாடை, பற்பசை போன்றவை ஒரு பட்டியல். வாங்கிய அன்றே பில்லைப் படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சடித்த எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். கொழும்பிலேயே குடியிருப்பவர் என்றால், வீட்டில் உடுப்பு இருக்கிறதே என்று நிறுவனம் இதைக் குறைக்கப் பார்க்கும். மச்சாள் வந்திருந்தது விருந்தாளியாக, அதனால் அந்தக் கேள்வி எழவில்லை. பெட்டி பிந்திக் கிடைத்தால், கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பெட்டி வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வரவில்லையென்றால், தொலைந்ததாகவே எடுத்து உரிமை கோரலாம். இரண்டும் சர்வதேச விமானப் பயணத்துக்கான மொன்றியல் உடன்படிக்கை சொல்வது.

இனி இரண்டாவது பட்டியல், பெட்டிக்குள் இருந்தவை. இதற்கு 21 நாள் காத்திருக்காதீர்கள். டேக் கழன்ற பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை வைத்துத்தான் யாருடையது என்று பொருத்திப் பார்ப்பார்கள். அதனால் வேறு யாரிடமும் இராத ஓரிரு பொருளை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மச்சாளுக்கு அது, அம்மாவின் கையெழுத்தில் சமையல் குறிப்பு எழுதிய சிவப்பு அட்டைக் கொப்பி.

எல்லாம் நினைவுக்கு வராது. எனக்குத் தெரிந்த நல்ல வழி எடைதான். செக்-இன் செய்தபோது பெட்டியின் எடை 22.6 கிலோ என்று டேக் துண்டில் அச்சாகியிருந்தது. வெறும் பெட்டி 4.2 கிலோ. நாலு பட்டுச்சேலை 3.2, மற்ற உடுப்பு 5, இரண்டு சோடி சப்பாத்து 1.6, சாக்லேட்டும் பிஸ்கட்டும் 4, கிரீம், சவர்க்காரம், வாசனைத் திரவியம் 1.5. கூட்டினால் 19.5. மூன்று கிலோ எங்கே? யோசித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "ஐயோ, பிள்ளைக்கு வாங்கின மா டின்!" என்றாள். அக்காவின் குழந்தைக்காக வாங்கிய பால்மா இரண்டு டின், டின்னோடு சேர்த்து ஏறத்தாழ இரண்டு கிலோ. மீதி ஒரு கிலோவை அப்படியே விட்டோம். கூட்டுத்தொகை பெட்டியின் எடையைத் தாண்டினால்தான் கவனம் வேண்டும். 22 கிலோப் பெட்டிக்குள் 30 கிலோச் சாமானை எழுதியவரின் மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஒவ்வொரு வரியிலும் பொருள், நிறம், எண்ணிக்கை, வாங்கிய மாதமும் இடமும், கொடுத்த விலை, சான்று எண். அவ்வளவுதான். நாங்கள் எழுதியதில் இரண்டு வரி:

"4. காஞ்சிபுரம் பட்டுச்சேலை, மெரூன், 1. சென்னை, 2023 மே. 18,500 இந்திய ரூபா. சான்று 4."

"9. கறுப்புத் தோல் சப்பாத்து, 1 சோடி. லண்டன், 2022. 65 பவுண்ட். சான்று 9."

எந்த நாட்டுக் காசில் வாங்கினீர்களோ அதிலேயே எழுதுங்கள். எல்லாவற்றையும் இலங்கை ரூபாவாக மாற்றப் போனால் நாணய மாற்று விகிதத்தில்தான் சண்டை தொடங்கும். பாவித்த பொருளுக்குப் புதுவிலை கிடைக்காது, வயதுக்கேற்பக் குறைப்பார்கள். அதற்காக நீங்களே முந்திக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். கொடுத்த விலையும் வாங்கிய ஆண்டும் உண்மையாக இருந்தால் போதும். பரிசுக்கு வாங்கிப் பிரிக்காத பொருளென்றால் "புதியது, பாவிக்காதது" என்று சேர்த்து எழுதுங்கள்.

சான்றுக்கு வருவோம். இங்கே இரண்டு கேள்வி உண்டு: அது உங்களுடையதா, அது அந்தப் பெட்டிக்குள் இருந்ததா? பில் முதல் கேள்விக்குத்தான் பதில். பில் இல்லையென்றால் வங்கிக் கார்ட் கணக்கில் கடைப்பெயர், திகதி, தொகை இருக்கும். ஆனால் என்ன வாங்கினீர்கள் என்று இராது. அதனால் அந்தச் சேலையைக் கட்டிய படத்தையும் கூடவே வைத்தோம். இரண்டாவது கேள்விக்கு வட்ஸ்அப் கைகொடுத்தது. பயணத்துக்கு முதல் நாள் இரவு, திறந்த பெட்டியைப் படமெடுத்து அக்காவுக்கு "இடமே இல்லை" என்று அனுப்பியிருந்தாள். அதில் மெரூன் சேலையின் கரையும் பால்மா டின்னின் மூடியும் தெரிந்தன. திகதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்தோம்.

புறக்கோட்டையில் காசு கொடுத்து வாங்கியதற்கு எந்தத் தாளும் இராது. அதைப் பில் இல்லை என்றே எழுதிவிடுங்கள். தெரிந்த கடையில் பழைய திகதி போட்டுப் பில் எழுதி வாங்கும் யோசனையை யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒன்று பொய்யென்று பிடிபட்டால் மற்ற உண்மையான வரிகளும் போய்விடும். நகை இருந்தால் அதையும் எழுதுங்கள். ஆனால் நகை, காசு, மின்னணுச் சாதனங்களைப் பொதியில் வைக்கக் கூடாது என்று பெரும்பாலான டிக்கெட் நிபந்தனைகளில் இருப்பதால், முதல் பதிலில் மறுப்புத்தான் வரும்.

மொத்தத் தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. பெட்டிக்கு இவ்வளவு என்றல்ல, ஆளுக்கு. அதை அப்படியே தூக்கித் தரமாட்டார்கள். காட்டிய இழப்பு வரைதான். பெட்டியை ஒப்படைக்கும்போதே கூடிய பெறுமதியை அறிவித்துக் கட்டணம் கட்டியிருந்தால் மட்டும் வரம்பு உயரும்.

கடைசியாக எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி, வரி எண்ணும் சான்று எண்ணும் பொருந்துகிறதா என்று ஒருமுறை சரிபார்த்து, மின்னஞ்சலின் தலைப்பில் பி.ஐ.ஆர். எண்ணைப் போட்டு அனுப்புங்கள். மூலப் பில்களைக் கைவிடாதீர்கள், பிரதியே போதும்.

மச்சாளின் பட்டியல் 41 வரி. சப்பாத்துக்குப் பாதி விலை போட்டார்கள், ஒரு சோடித் தோட்டை வெட்டினார்கள், பால்மாவுக்கு முழு விலையும் வந்தது. கொப்பிக்கு நாங்கள் விலை எழுதவில்லை.