அலைச் சமன்பாட்டில் வலையை நுணுக்கியதும் சிதறிய தீர்வு

இரு முனைகளும் கட்டப்பட்ட, நீளம் 1 கொண்ட கம்பியின் அலைச் சமன்பாட்டை, c = 1 என வைத்து, வெளிப்படை வேறுபாட்டு முறையில் கணித்துக்கொண்டிருந்தேன்.

```
u_new[i] = 2*u[i] - u_old[i] + r*r*(u[i+1] - 2*u[i] + u[i-1])
```

இங்கு r = c·Δt/Δx. Δx = 0.01, Δt = 0.008 என்றபோது r = 0.8, அலை சீராகவே நகர்ந்தது. துல்லியம் வேண்டி Δx-ஐ மட்டும் 0.005 ஆக்கியதும், அடுத்தடுத்த புள்ளிகளில் குறி மாறி மாறி வரும் ரம்பப்பல் வடிவம் தோன்றி, ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 8 மடங்கு பெருகியது. குறிமாற்றத்துடன் கூடிய இப்பெருக்கமே நிலையின்மையின் தெளிவான அடையாளம்.

காரணத்தைச் சார்புப் பகுதிகளை வரைந்து பார்த்தபோதுதான் உணர்ந்தேன். முனைகளின் தாக்கம் எட்டாத (x, t) என்ற புள்ளியில் உண்மைத் தீர்வு, x−t முதல் x+t வரையுள்ள தொடக்கத் தரவு முழுவதையும் சார்ந்தது. கணிப்பு முறையோ ஒரு படிக்கு ஒரு புள்ளி வீதமே பக்கவாட்டில் எட்டுவதால், r = 1.6 என்னும்போது x−0.625t முதல் x+0.625t வரை மட்டுமே பார்க்கிறது. அதற்கு வெளியேயுள்ள x+t புள்ளியருகே தொடக்க வடிவத்தை நான் மாற்றினால் உண்மை விடை மாறும், கணித்த விடை இம்மியும் மாறாது. ஆகவே இதே r-இல் வலையை எவ்வளவு நுணுக்கினாலும் பொதுவாக ஒருங்குதல் இயலாது. கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லூவி ஆகியோர் 1928-இல் முன்வைத்த வாதம் இதுவே.

Δt-ஐயும் 0.004 ஆகக் குறைத்தேன். r மீண்டும் 0.8 ஆனது, ரம்பப்பல் மறைந்தது. r = 1 எனில் இரு பகுதிகளும் பொருந்தி, முதல் படியும் சரியாக இடப்பட்டால், வலைப்புள்ளிகளில் துல்லியமான விடையே கிடைக்கிறது. ஆனால் இவ்வாதம் தருவது தேவையான நிபந்தனை மட்டுமே. r < 1 போதுமானது என்பதை இம்முறைக்கு ஃபூரியே பகுப்பாய்வால் தனியே சரிபார்த்துக்கொண்டேன்.