பழைய கம்பெனிக்குத் திரும்ப எழுதியது

கோவையில் பம்ப் தயாரிக்கும் என் பழைய கம்பெனிக்குத் திரும்பிவிடலாம் என்று விண்ணப்பித்தேன். மூன்று முறை அனுப்பியும் நிராகரிப்புதான். கடிதத்தை மாற்றி மாற்றி எழுதியதில் பத்து நாள் போனது. அப்புறம்தான் நேரத்தைக் கவனித்தேன்: இரவு 11:40க்கு அனுப்பினால் 11:42க்கு பதில். மனிதர் யாரும் படிக்கவே இல்லை!

ஹெச்.ஆரில் விசாரித்தால், நான் விலகியபோது ஒரு வெர்னியர் காலிப்பர் என் பெயரிலேயே நின்றிருக்கிறது. நோ டியூஸ் முடியாததால் மறுபடி எடுக்கக் கூடாதவர் பட்டியலில் என் பெயர். ஸ்டோரில் ஒப்படைத்த ரசீதின் நகலைக் கொடுத்து பட்டியலிலிருந்து என் பெயரை நீக்க வைத்தேன்.

பிறகு பழைய மேலாளருக்கே நேராக எழுதினேன். 'நிறையக் கற்றேன்' என்ற வரியை வெட்டிவிட்டு இதை வைத்தேன்:

"சார், நம் பம்ப் ஹவுசிங் பிரஷர் டெஸ்டில் கசிந்தால் எண்ணிக்கை மட்டும் எழுதுவோம். இப்போது நான் இருக்கும் கம்பெனியில் ஒவ்வொரு கசிவையும் வரைபடத்தில் புள்ளியாகக் குறிக்கிறோம். புள்ளிகள் தடித்த பகுதியில் குவிந்தால், உலோகம் உறையும்போது விழுந்த சுருக்கக் குழியா என்று முதலில் அறுத்துப் பார்ப்போம். நம் ஹவுசிங்கிலும் செய்து பார்க்க விரும்புகிறேன்."

மறுநாள் காலையே கூப்பிட்டார். முதல் கேள்வி, "அந்த வரைபடம் ஒன்று காட்ட முடியுமா?" இப்போதைய கம்பெனியின் தாளைக் காட்டுவது முறையில்லை என்று வெறும் தாளில் வரைந்து காட்டினேன்.