மாதம் ஒரு நீண்ட கட்டுரை, ஐந்து வரிச் சுருக்கம்

போன் காலண்டரில் மாதாந்திர நினைவூட்டலை 'முதல் ஞாயிறு' என்று வையுங்கள். 31-ஆம் தேதி என்று வைத்தால், அந்தத் தேதி இல்லாத மாதங்களைப் பல காலண்டர்கள் தாண்டிவிடும். நினைவூட்டலில் வெறுமனே 'படிக்கவும்' என்று எழுதாமல், தலைப்பையும் கட்டுரையின் இணைப்பையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். அன்றைக்குத் தேட ஆரம்பித்தால் நேரம் அதிலேயே போய்விடும்.

படித்ததும் கட்டுரையை மூடிவிட்டு, ஐந்து வரி எழுதுங்கள். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் அது நகலாகத்தான் இருக்கும். கடல் ஏற்றவற்றம் பற்றிப் படித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'நிலா கடலை இழுக்கிறது' என்பது சுலபமாக வந்துவிடும். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை ஏற்றம் வருவது ஏன் என்று எழுதும்போது பேனா நின்றால், அந்தப் பகுதியை மட்டும் மறுபடி படியுங்கள். நிலாவுக்கு எதிர்ப்புறத்தில் ஈர்ப்பு குறைவதால் அங்கேயும் நீர் உயர்கிறது என்ற வரி அப்போதுதான் உங்கள் சொந்த வரியாக வரும்.