கூட்டக் குறிப்பு எழுதும் வேலையைக் கேட்டு வாங்குங்க

நெல்லைப் பக்கம் சிவில் இன்ஜினியர் சங்கத்தில் புதுசாகச் சேர்ந்தவங்க, மூத்தவங்களோட பழக்கம் வேணும்னா பதவி கேட்காமல், கருத்தரங்கக் குழுவில் கூட்டக் குறிப்பு எழுதும் வேலையைக் கேளுங்க. அதை யாரும் விரும்பி எடுப்பதில்லை, உடனே கிடைக்கும். கூட்டம் முடிந்த மறுநாளே ஒவ்வொரு மூத்தவருக்கும் அவர் பேசிய பகுதியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒரே ஒரு கேள்வி சேருங்க: “சார், கரிசல் மண்ணுக்கு அண்டர்ரீம் பைல்னு சொன்னீங்க, ஆழத்தை எப்படி முடிவு பண்றீங்க?” தன் பேச்சு தப்பாகப் பதிவாகிவிடக் கூடாதே என்று பெரும்பாலும் அவரே கூப்பிடுவார், பேச்சு சைட் வரை போகும். ஒரு வாரம் தாமதித்தால் அவருக்கே மறந்திருக்கும்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் கூடும் குழுவில் இது பலிக்காது. அரசு வேலையில் இருப்பவர்கள் முதலில் துறை விதியைப் பாருங்க.