சேனல் அலைவரிசை மாறினால் டிஷ்ஷைத் தொடாதீர்கள்

ஒரு சேனல் திடீரென்று கறுத்துப்போனால் பலரும் முதலில் டிஷ்ஷைத்தான் திருப்புகிறார்கள். இதுதான் பெரிய தவறு. அதே செயற்கைக்கோளின் மற்ற சேனல்கள் வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். வந்தால் டிஷ் சரியாகவே இருக்கிறது. சேனல் வேறு டிரான்ஸ்பாண்டருக்கு, அதாவது செயற்கைக்கோளில் சேனல்களை அனுப்பும் வேறொரு கருவிக்கு மாறியிருக்கலாம், அப்படியானால் மாற்ற வேண்டியது ரிசீவரில் உள்ள எண்களை மட்டும்தான்.

உதாரணத்துக்கு, பழைய எண்கள் 11480 H 30000, புதியவை 12520 V 30000 என்று வைத்துக்கொள்வோம். முதல் எண் மெகாஹெர்ட்ஸில் அதிர்வெண்; H, V என்பவை அலை கிடையாக வருகிறதா, செங்குத்தாக வருகிறதா என்பதைக் காட்டும். அவசரத்தில் 12520 என்று மட்டும் மாற்றிவிட்டு, H என்பதை அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரே அதிர்வெண்ணை H, V இரண்டிலும் தனித்தனி டிரான்ஸ்பாண்டர்களுக்குப் பயன்படுத்துவது வழக்கம். அதனால் தவறான பக்கத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, அல்லது சம்பந்தமே இல்லாத சேனல்கள் வந்து நிற்கும். சிம்பல் ரேட்டையும் (இங்கே 30000) சரிபாருங்கள், அது தவறினாலும் சிக்னல் பிடிபடாது.

தேடலைத் தொடங்கும் முன் திரையில் இரண்டு பட்டைகளைப் பார்ப்பீர்கள். ஸ்ட்ரெங்த் பட்டையை நம்பாதீர்கள். கேபிளும், டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவியான எல்.என்.பி.யும் இணைந்திருந்தாலே அது உயர்ந்து நிற்கும். குவாலிட்டி பட்டை எழுந்தால்தான் ரிசீவர் சிக்னலைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

V போட்டும் குவாலிட்டி பூஜ்யமா? அப்போது எல்.என்.பி. அமைப்பைப் பாருங்கள். யுனிவர்சல் எல்.என்.பி.யில் 11700-க்குக் கீழே 9750, மேலே 10600 என்று இரண்டு உள் அதிர்வெண்கள் உண்டு. மேல் பகுதிக்கு மாற, ரிசீவர் 22 கிலோஹெர்ட்ஸ் டோன் அனுப்ப வேண்டும். நம் சேனல் 11480-இலிருந்து 12520-க்குப் போனதில் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. சேனலின் அதிர்வெண்ணிலிருந்து உள் அதிர்வெண்ணைக் கழித்தால் வருவதுதான் கேபிள் வழியே ரிசீவருக்குப் போகும். மெனுவில் 9750 மட்டும் இருந்தால் கணக்கு 12520 − 9750 = 2770 என்று வரும். ரிசீவர் வாங்குவது ஏறத்தாழ 950 முதல் 2150 வரைதான். `9750/10600` என்று வைத்தால் 12520 − 10600 = 1920, சரியாக உள்ளே விழும். இப்படி வைத்தால் டோனையும் பெரும்பாலான ரிசீவர்கள் தாமாகவே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், V சேனல்கள் எல்லாம் வந்து H மட்டும் மொத்தமாக வராவிட்டால் எண்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். ரிசீவர் V-க்கு 13 வோல்ட், H-க்கு 18 வோல்ட் அனுப்புகிறது. நீளமான கேபிளிலோ துருப்பிடித்த கனெக்டரிலோ அந்த 18 வோல்ட் குறைந்துபோயிருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் குவாலிட்டி எழாவிட்டால், புதிய டிரான்ஸ்பாண்டர் டி.வி.பி-எஸ்2 முறையில் ஒளிபரப்பாகிறதா என்று பாருங்கள். பழைய டி.வி.பி-எஸ் ரிசீவரால் அதைப் பிடிக்கவே முடியாது.

பழைய டிரான்ஸ்பாண்டரை உடனே அழிக்காதீர்கள். புதியதைச் சேர்த்து, அதில் மட்டும் தேடி, படம் வந்த பிறகு பழையதை நீக்கலாம்.