கோடை முகாம் அறிவிப்பை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை முகாம் அறிவிப்பு வந்தால் பெற்றோர் பலர் என்னென்ன கற்றுத்தருகிறார்கள் என்று பார்ப்பார்கள், அப்புறம் கட்டணத்தைப் பார்ப்பார்கள். நேர அட்டவணையை, நம் வேலை நேரத்துக்கு ஒத்துவருமா என்று மேலோட்டமாகப் பார்ப்பதோடு சரி. பெரிய தவறு இதுதான். பிள்ளையின் பாதுகாப்பு அந்த அட்டவணைக்குள்தான் இருக்கிறது.

ஓர் அறிவிப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: மே மாதம், 15 நாள், காலை 9.30 முதல் 12.30 வரை, வயது 5 முதல் 12. முதலில் ஓவியம், பிறகு நீச்சல், கடைசி ஒரு மணி நேரம் மைதானத்தில் சிலம்பம். கட்டணம் 4,500 ரூபாய்.

கத்திரி வெயிலில் 11.30 மணிக்கு மேல் வெட்டவெளியில் சிலம்பம் சுற்றினால் பிள்ளை சுருண்டுவிடும். சிலம்பத்தை 9.30க்கும் ஓவியத்தைக் கடைசிக்கும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அக்கறையுள்ள முகாம் மாற்றும். இல்லாவிட்டால் நிழலாவது காட்டும்.

நீச்சலில்தான் கூடுதல் கவனம் வேண்டும். “பயிற்சியாளர் இருக்கிறார்” என்ற பதிலோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஒரு பிள்ளைக்குக் கால் உதைக்கக் கற்றுக்கொடுப்பவரால் அதே நொடியில் மற்ற பிள்ளைகளைப் பார்க்க முடியாது. கற்றுக்கொடுக்காமல், கரையில் நின்று தண்ணீரை மட்டுமே கவனிக்க ஓர் உயிர்காப்பாளர் தனியாக வேண்டும். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது. வாயில் தண்ணீர் இருக்கும்போது குரல் வராது. அடுத்து, ஆழத்தைக் கேளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஏறக்குறைய மூன்றரை அடி உயரம்தான் இருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நின்று பழகும் நான்கடித் தண்ணீர் அந்த ஐந்து வயதுப் பிள்ளையின் தலைக்கு மேலே போய்விடும். சின்னப் பிள்ளைகளுக்குத் தனிக் குளமும் தனி நேரமும் இல்லையென்றால் நீச்சலுக்கு அனுப்பாதீர்கள்.

முகாம் கலையும் நேரத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. 12.30க்கு வாசலில் வண்டிகளும் கூட்டமுமாக இருக்கும்போது “மாமா கூப்பிட வந்திருக்கிறேன்” என்று யார் சொன்னாலும் அனுப்பிவிடும் இடங்கள் உண்டு. யாரிடம் ஒப்படைக்கலாம் என்று பெயரும் கைபேசி எண்ணும் எழுதி வாங்கிக்கொள்கிறார்களா, புது ஆள் வந்தால் உங்களுக்குப் போன் செய்வார்களா என்று கேளுங்கள்.

கட்டணத்தைப் பார்த்தால், நாளுக்கு 300 ரூபாய்தானே என்று தோன்றும். நீச்சல்குளக் கட்டணம் 1,500, சீருடையும் கம்பும் 800 என்று சேர்ந்தால் மொத்தம் 6,800. நாளுக்கு 450 ரூபாய்க்கு மேல். ஆகவே மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் வந்து பிள்ளை நின்றுவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். பணம் கட்டிய பிறகு கேட்டால் “அது விதியில் இல்லையே” என்று சொல்லிவிடுவார்கள்.